சிறுகதை: சரசு கடைக் கோவா (சட்டியில் நடப்பது சரியா என்று சொல்லுங்கள்)

வத்ராப்பான்

கதை ஒன்று எழுதிப் பாதியில் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாகப் பால்கோவா கடை வைத்திருக்கும் அக்கா தங்கை, கெட்டுப்போன ஒரு சட்டிப் பாலிலிருந்து புதிதாக ஒரு பண்டம் பிறக்கிறது, அவ்வளவுதான் கதை. நடை எப்படி, முடிவு எப்படி என்றெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தச் சட்டியில் நடப்பது உண்மையில் நடக்குமா என்பது. நான் கோவா தின்றவன், கிண்டியவன் இல்லை.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் சீனி தீர்ந்துபோனது. மூட்டையை உதறிப் பார்த்தாள் மல்லிகா, ஒரு கை தேறியது. அடுப்பில் 10 லிட்டர் பால். கொதித்துப் பொங்கி அடங்கி, துடுப்பு போகிற வழியெல்லாம் கோடு விழுகிற அளவுக்கு இறுகிக்கொண்டிருந்தது.

“நீ கிண்டிக்கிட்டே இரு, கைய எடுத்திராத” என்று சொல்லிவிட்டுச் சரசு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆடிப்பூரத்துக் கூட்டம் ரத வீதி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. கடைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று மல்லிகாவுக்குத் தெரியும்.

சிவகாசியில் புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவளுக்குக் கடையில் பொட்டலம் கட்டும் வேலைதான். துடுப்பு அக்காவுடையது. அப்பா இருந்தபோது அப்பாவுடையது. இன்றைக்குத்தான் கைக்கு வந்திருக்கிறது, அதுவும் சீனி இல்லாத நாளில்.

பால் இறுகிக்கொண்டே போனது. அடியில் பிடிக்கிற வாசனை லேசாக வந்ததும் அவளுக்கு உதறல் எடுத்தது. பரணில் சுக்குக் காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டிப் பெட்டி கண்ணில் பட்டது. எடுத்தாள், அம்மிக்குழவியால் தட்டினாள், கைநிறைய அள்ளிப் போட்டாள். இனிப்பு இனிப்புதானே.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பால் நடுவில் விட்டுவிட்டது. வெண்மை ஒரு பக்கமாகச் சுருண்டு திரண்டது, இன்னொரு பக்கம் தேத்தண்ணி நிறத்தில் நீர் பிரிந்து நின்றது.

சரசு வந்து எட்டிப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“என்னத்தப் போட்ட?”

“கருப்பட்டி.”

வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் மல்லிகாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சரசு அப்பாவின் பழைய வேட்டியில் பாதியைக் கிழித்துச் சட்டியை அதில் சாய்த்தாள். பழுப்பு நீர் வாளியில் இறங்கியது. துணியை முறுக்கிப் பிழிந்து, உருண்டையைத் திரும்பச் சட்டியில் உதிர்த்து, ரெண்டு கரண்டி நெய் விட்டு வதக்கினாள். வாயில் போட்டுப் பார்த்தாள். மறுபடி ஒன்று போட்டுப் பார்த்தாள்.

“இதை உருண்டை பிடி” என்றாள்.

தேர் நிலைக்கு வருவதற்குள் தட்டு காலி. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னே நாலு பேர் நின்றார்கள், அந்தப் பழுப்பு உருண்டை இருக்கிறதா என்று. சரசு தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். துடுப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

நிலாரசிகை

“திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்” வரிக்காகவே மொத்தக் கதையையும் படிக்கலாம். ஆனால் கடைசி வரி தமிழ் சினிமா. துடுப்பைக் கையில் கொடுப்பதை ரெண்டாவது பத்தியிலேயே வாசகன் எதிர்பார்த்துவிடுவான். சமையல் விவரம் சரியா தப்பா என்பது இந்தக் கதைக்கு அவ்வளவு முக்கியமா என்று தெரியவில்லை.

கோவாச்சட்டி

முக்கியம்தான் மேடம். கோவா அடுப்பு முன்னால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நின்றவன் நான், இதைப் படிக்கும்போது வேட்டியைக் கிழிக்கிற இடத்தில் எனக்குக் கதை அறுந்துவிட்டது.

தம்பி, கருப்பட்டி எங்கே போயிருக்கும் என்று யோசித்தீர்களா? அது தண்ணீரில் கரைகிற சரக்கு. பால் திரிந்ததும் இனிப்பு முழுக்க அந்தப் பழுப்பு நீரோடுதான் இருக்கும். அதை வாளியில் இறக்கிவிட்டுத் துணியையும் முறுக்கிப் பிழிந்தால் கையில் மிஞ்சுவது லேசாக நிறம் ஏறிய பன்னீர். அதை நெய்யில் வதக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும், இனிப்பு நாக்கில் தட்டாது. அதற்குத் தேர்க்கூட்டம் தட்டைக் காலி பண்ணாது.

கணக்கும் உதைக்கிறது. 10 லிட்டர் பசும்பாலில் தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுகிற சத்து சுமார் ஒன்றேகால் கிலோ. அதோடு ஒன்றேகால் கிலோ சீனி சேர்த்து, ஈரம் கொஞ்சம் நிற்கிற பதத்தில் இறக்கினால் 3 கிலோவுக்கு மேல் கோவா கிடைக்கும். கடைக்காரன் பிழைப்பே அந்த எடைதான். திரிந்த பாலை வடித்தீர்கள் என்றால் பாலுக்கே உள்ள சர்க்கரை, அரைக் கிலோ போல, நீரோடு போய்விடும், கருப்பட்டியும் போய்விடும். பிழிந்த உருண்டை ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். அப்பாவிடம் தொழில் கற்ற சரசு பாதி எடையைச் சாக்கடைக்கு அனுப்புவாளா? எனக்குத் தெரிந்து எந்தக் கோவா கைக்காரியும் அனுப்ப மாட்டாள்.

அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். தீயைக் குறைக்காமல், வடிக்காமல், அந்த நீரோடேயே கிண்டுவாள். நீர் சுண்டச் சுண்டக் கருப்பட்டி பாகாகிப் போய்ப் பால்மணி ஒவ்வொன்றின் மேலும் ஏறும். கோவா வழுவழுப்பாக வரும், இது மணல் மணலாக வரும். சட்டியின் ஓரத்தில் நெய் கசிந்து, துடுப்பில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல் கனமாக வழுக்கி விழுகிற நேரத்தில் இறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பாகு முற்றிப் பல் உடையும்.

சுந்தரி மதுரை

எனக்கும் இதே மாதிரி பாயசம் திரிந்துவிட்டது, போன வாரம்தான்! வெல்லம் போட்டுக் கொதிக்க விட்டேன். மாமியாருக்குச் சுகர் இருப்பதால் சீனி வாங்குவதில்லை. இந்தக் கதையில் வருவதுபோல் கருப்பட்டியில் பால்கோவா செய்தால் சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாமா? 10 லிட்டருக்குப் பதில் 1 லிட்டருக்கு எவ்வளவு போட வேண்டும்?

கோவாச்சட்டி

அம்மா, கருப்பட்டியும் பெரும்பங்கு சர்க்கரைதான். சுகருக்கு நல்லது என்று யார் சொன்னாலும் நம்பி மாமியாருக்குக் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பாயசத்துக்கு வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, பாலை இறக்கிச் சூடு தணிந்த பிறகு சேருங்கள், அப்புறம் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பௌதிகம் சார்

ஒரு அடிப்படைச் சந்தேகம். பால் திரிய வேண்டும் என்றால் புளிப்பு வேண்டும். கருப்பட்டி காய்ச்சுகிற பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அதாவது அது புளிப்புக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆகவே கருப்பட்டி போட்டால் பால் திரியவே திரியாது. கரும்பு வெல்லம் என்றால் திரியும். கதையில் வெல்லம் என்று மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பனையடி

சார் சொல்வது பாதி சரி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் கலயத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி சேராது. அதனால் நல்ல கருப்பட்டி புளிக்காது, பாலில் போட்டாலும் பல நேரம் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி பால் விட்டுத்தான் குடிப்போம், திரிந்ததில்லை.

ஆனால் கருப்பட்டி எப்போதும் அப்படியே இருக்காது. மழை மாதத்தில் ஈரத்தை இழுத்து வேர்க்க ஆரம்பிக்கும். மேலே பிசுபிசுவென்று கசியும், ஓலைப்பெட்டியின் அடி நனைந்திருக்கும், முகர்ந்தால் லேசான கள் வாடை. அந்தக் கருப்பட்டி புளித்த கருப்பட்டி. அதைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரியாமல் என்ன செய்யும்?

இதனால் வத்ராப்பானுக்கு ஒரு சிக்கல் வருகிறது. கதை ஆடியில் நடக்கிறது. பனை சீசன் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஓடும், கடைகளில் புதுக் கருப்பட்டி இருக்கும் நேரம் அது. வேர்த்த கருப்பட்டி வேண்டுமென்றால் கதையைக் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளுங்கள். போன சீசன் சரக்கு, விலையும் ஏறியிருக்கும், நாலு மழையும் பார்த்திருக்கும்.

பௌதிகம் சார்

சுண்ணாம்பு கூடினாலும் சூடான பால் திரளும் வாய்ப்பு உண்டு என்று இப்போது தோன்றுகிறது, பால் கெட்டியாவதற்குச் சுண்ணாம்புச்சத்து காரணம்தானே. அப்படிப் பார்த்தால் புளிக்காத கருப்பட்டியிலும் திரியலாம்.

பனையடி

முதலில் சுண்ணாம்பு இருப்பதால் திரியாது என்றீர்கள், இப்போது சுண்ணாம்பு இருப்பதால் திரியும் என்கிறீர்கள். ரெண்டில் ஒன்றில் நில்லுங்கள் சார்.

கோவாச்சட்டி

சண்டை வேண்டாம், சட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். பால் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பாதி விஷயம். காப்பியில் பால் தண்ணியாக இருக்கிறது, நிமிஷத்தில் குடித்துவிடுகிறோம். சட்டியில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிய பால் ரொம்ப நொய்ந்த நிலையில் இருக்கும், கொஞ்சம் புளிப்பு பட்டாலும் விட்டுவிடும். அப்படிச் சுண்டிய பாலில் திரிந்தால் மணி சின்னச் சின்னதாக மெத்தென்று வரும். கொதி வந்ததுமே தண்ணிப் பாலில் புளிப்பு விழுந்தால் பெரிய பெரிய கட்டியாகத் திரளும், அது என்ன கிண்டினாலும் கடைசிவரை கடிபடும். மல்லிகா போட்ட நேரம், “துடுப்பு போகிற வழியில் கோடு விழுகிற” நேரம், நல்ல நேரம். அதை மாற்றாதீர்கள். தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் திருத்துங்கள். கருப்பட்டியில் மண், ஓலைத்தூசி எல்லாம் இருக்கும். தட்டி அப்படியே போட்டால் தின்னும்போது பல்லில் நறநறக்கும். கடையில் எப்போதும் கரைத்து வடிகட்டித்தான் சேர்ப்பார்கள். பதற்றத்தில் மல்லிகா அப்படியே போடலாம், ஆனால் ருசி பார்க்கும்போது சரசு பல்லிடுக்கிலிருந்து ஒரு மணலாவது எடுக்க வேண்டும்.

நிலாரசிகை

நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வேர்த்த கருப்பட்டி என்று வந்ததும் கதையே வேறு ஆகிறது. அந்தப் பெட்டியைப் பரணில் போட்டு மறந்தது யார்? விலை மலிவு என்று மொத்தமாக வாங்கி வைத்தது யார்? சரசுதானே. மல்லிகா போட்டது தப்பு, சரசு வைத்திருந்ததும் தப்பு. பெட்டியின் அடி நனைந்திருப்பதைச் சரசு கையில் எடுத்துப் பார்க்கிற இடத்தில் அவள் ஏன் திட்டவில்லை என்பதற்குக் காரணம் கிடைக்கிறது. பெருந்தன்மை என்று நினைத்துப் படித்தது வேறொன்றாக மாறுகிறது.

வத்ராப்பான்

இது எனக்குத் தோன்றவே இல்லை, எடுத்துக்கொள்கிறேன். மார்கழியும் பொருந்தும். ஆண்டாள் கோயில் கூட்டம் இருக்கும், அதோடு ஐயப்பன் மாலை போட்டவர்கள் வேன் வேனாக ராஜபாளையம், செங்கோட்டை வழியாகப் போகிற நேரம், திரும்பி வரும்போது கோவா வாங்காமல் போக மாட்டார்கள். தேருக்குப் பதில் வேன்.

ரயிலடி ராஜா

எல்லாரும் மும்முரமாக இருக்கிறீர்கள், நடுவில் ஒரு கல் போடுகிறேன். இது புதுப் பண்டம் இல்லை. ராஜஸ்தானில் ஆல்வார் ஊர்க் கலாகந்த் இதேதான். பாலைச் சுண்டவைத்துப் பாதியில் கொஞ்சம் படிகாரமோ எலுமிச்சையோ விட்டுத் திரியவைத்து, வடிக்காமல் கிண்டி, ஆழமான தட்டில் ஊற்றி ஆறவைப்பார்கள். நடுப்பகுதி சூடு தங்கிப் பழுப்பாகவும் ஓரம் வெள்ளையாகவும் இருக்கும். டில்லியில் வேலை பார்த்தபோது நிறையத் தின்றிருக்கிறேன். கண்டுபிடிப்பு என்று எழுதினால் வடக்கே போய் வந்தவன் சிரிப்பான்.

கோவாச்சட்டி

சரசுவும் மல்லிகாவும் ஆல்வார் போனதில்லையே ராஜா. அவர்கள் தெருவில் இல்லாத ஒன்றை அவர்கள் செய்தால் அவர்களுக்கு அது புதுசு. கருப்பட்டி சேர்ந்ததும் ருசியும் வேறு, கலாகந்தில் அந்தப் புகை வாசனை கிடையாது.

ஆனால் கண்டுபிடிப்பு என்ற பேச்சை எடுத்ததால் என் பெரிய ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். கதையில் மறுநாள் நாலு பேர் வந்து கேட்கிறார்கள், கதை முடிகிறது. தொழிலில் அங்கேதான் கதை ஆரம்பிக்கும். பழைய பெட்டி தீர்ந்துவிட்டது. சரசு கடைக்குப் போய் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வருவாள், சுத்தமாகக் கரைத்து, வடிகட்டி, அதே நேரத்தில் அதே பாலில் விடுவாள். திரியாது! வழுவழுவென்று பழுப்புக் கோவா வரும், வந்தவர்கள் வாயில் போட்டுவிட்டு “இது அது இல்லையே” என்பார்கள். ஒரு சட்டி தற்செயலாக வந்ததை யாரும் பண்டம் என்று சொல்ல மாட்டார்கள். ரெண்டாவது சட்டி, மூணாவது சட்டி அதே மாதிரி வர வேண்டும்.

நிலாரசிகை

அப்படியானால் துடுப்பு கை மாற வேண்டிய இடமும் அங்கேதான். சரசுவுக்குத் தொழில் தெரியும், அதனால் அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறாள், சரியாகச் செய்வதால் வரவில்லை. தப்பாகச் செய்தவளுக்குத்தான் என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கிறது.

வத்ராப்பான்

ராத்திரி உட்கார்ந்து பின்பாதியை மாற்றினேன். வடிப்பதை எடுத்துவிட்டேன், நீரோடு கிண்டி இறக்குகிறார்கள், மணல் கடிபடுகிறது, வேன்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். அதற்குப் பிறகு வருவது இது:

மறுநாள் சரசு புதுக் கருப்பட்டி ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தாள். உடைத்துக் காட்டச் சொல்லி, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கியது. கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். பால் கோடு விழுகிற பதத்துக்கு வந்ததும் மெதுவாக விட்டாள்.

ரெண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் பழுப்பானது, அவ்வளவுதான்.

“நேத்துத் திரிஞ்சது, இன்னைக்குத் திரிய மாட்டேங்குது” என்றாள் சரசு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பால் திரியவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது.

மல்லிகா காலிப் பெட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். “அக்கா, நேத்து இதுல கள்ளு வாடை அடிச்சுது. நான்தான் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, பாத்துக்கிட்டேதான் போட்டியான்னு கேப்ப.”

சரசு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். ஓலையின் அடி இன்னும் ஈரமாக இருந்தது. ஐப்பசியில் மலிவாகக் கிடைக்கிறது என்று அவள்தான் வாங்கிப் போட்டாள். “சரி, புளிப்புதான வேணும்” என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

பனையடி

நன்றாக வந்திருக்கிறது. ஐப்பசியில் மலிவாகக் கிடைக்கிறது என்பது மட்டும் உதைக்கிறது, அப்போது சீசன் முடிந்து விலை ஏறத் தொடங்கியிருக்கும். ஆனியில் வாங்கியது என்று போடுங்கள். அல்லது ஐப்பசியில் யாரோ வேர்த்த சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று போடுங்கள், அதுவும் நடக்கிறதுதான்.

பௌதிகம் சார்

புதுக் கருப்பட்டியில் திரியவே திரியாது என்று அடித்து எழுதுவதை நான் இன்னும் ஏற்கவில்லை. சுண்ணாம்பு விஷயம் பாக்கி இருக்கிறது.

சுந்தரி மதுரை

1 லிட்டருக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மாமியாருக்கு இல்லை, எனக்குத்தான்.

கோவாச்சட்டி

சுந்தரி அம்மா, 1 லிட்டர் பாலுக்கு 100 முதல் 125 கிராம் கருப்பட்டி, கரைத்து வடிகட்டியது. பால் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் சேருங்கள். ரெண்டு மூணு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், மணலாக வருகிற கோவாவில் ஈரம் கூட நிற்கும், சீக்கிரம் புளிக்கும்.

வத்ராப்பான் தம்பி, கடைசியில் எலுமிச்சம்பழம் வேண்டாம். அதில் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், ஒரு சொட்டு கூடினால் மணி இறுகிவிடும், எலுமிச்சை வாசனையும் கருப்பட்டி வாசனையும் ஒத்துப்போகாது. பால்காரி வீட்டில் புளித்த மோர் இல்லாமல் இருக்காது. மோர் தெளிந்ததும் மேலே நிற்கிற தண்ணியைக் கரண்டி கரண்டியாக, ஓரமாக விட வேண்டும், பால் உடைகிற அந்த நொடியில் கையை நிறுத்த வேண்டும். சரசு பழத்துக்குக் கை நீட்டட்டும், மல்லிகா மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். எத்தனை கரண்டி என்று மட்டும் எழுதாதீர்கள், அது அன்றன்றைக்கு மோரின் புளிப்பைப் பொறுத்தது.